செம்பு போன பின் எஞ்சுவது யார் பொறுப்பு?

*பழைய ஏர்கோன் ஒன்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை போகும் பாதையும், போயிருக்க வேண்டிய பாதையும்*

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைக் கடைவரிசைகளின் பின்சந்தில் நின்று நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு, மாடிச் சுவர்களில் துருப்பிடித்த இரும்புத் தாங்கிகளின்மேல் வரிசைவரிசையாக அமர்ந்திருக்கும் ஏர்கோன் வெளிப்பெட்டிகள் புதிய காட்சியல்ல. ஒரு குதிரைசக்தி கொண்ட சாதாரணப் பெட்டி சுமார் இருபத்தைந்து கிலோ எடை இருக்கும். அந்த எடையில் பெரும்பகுதி இரும்புத் தகடும், கம்ப்ரஸர் என்னும் உருண்டையான அழுத்தியும். மீதி, செம்புக் குழாய்களும், அவற்றின்மேல் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகளும், சிறிதளவு எண்ணெயும், ஒரு மின்சுற்றுப் பலகையுமாகும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை, தராசில் நிற்பவை, விலை போகிறவை. கண்ணுக்குத் தெரியாததும், விலை போகாததும், ஆனால் அந்தப் பெட்டியிலேயே மிகுந்த ஜாக்கிரதையுடன் கையாள வேண்டியதுமான பொருள் ஒன்று அந்தக் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அதுதான் குளிரூட்டும் வாயு.

பழைய மின்சாதனங்களை உற்பத்தியாளரே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது எளிது. அந்தக் கொள்கை கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏன் இன்னும் முழுமையாகக் கால் ஊன்றவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஒரே பெட்டியைப் பின்தொடர்ந்து போனால் போதும். ஏனெனில் லாபம் தரும் பாகமும், நஷ்டம் தரும் பாகமும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் விளையும் சிக்கலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

லோரி வரும் வழி

ஏர்கோன் கெட்டுவிட்டது, புதியது வாங்கியாயிற்று. பழையதை என்ன செய்வது என்ற கேள்விக்கு இங்கே நெடுங்காலமாக ஒரு விடை தெருவிலேயே வருகிறது. பழைய பேப்பர், பழைய இரும்பு, கெட்டுப்போன மின்சாமான் எல்லாம் எடுப்பதாக ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் சிறு லோரி, படியேறி வந்து பெட்டியைக் கழற்றிக்கொள்வதோடு, வீட்டுக்காரர் கையில் சில ரிங்கிட்டையும் வைத்துவிட்டுப் போகிறது. பல வீடுகளில் புதிய ஏர்கோனைப் பொருத்த வந்தவரே பழையதைத் தம் கூலியில் ஒரு பங்காக எடுத்துக்கொள்கிறார். எந்தச் சட்டமும் வற்புறுத்தாமல், எந்த ஸ்தாபனமும் செலவு செய்யாமல், வீட்டு வாசல்வரை வந்து நடக்கும் இந்தச் சேகரிப்பு உண்மையில் மிகத் திறமையான ஏற்பாடு. அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் சேகரிப்பின் கஷ்டத்தை அறியாதவர்கள்.

குறை இருப்பது அடுத்த சில நிமிஷங்களில். முறைப்படி கழற்றுகிறவர் முதலில் யந்திரத்தை ஓடவிட்டு, வெளிப்பெட்டியின் பக்கத்தில் இருக்கும் இரண்டு வால்வுகளில் மெல்லிய குழாய்க்குரியதை மூடுவார். கம்ப்ரஸர் தொடர்ந்து உறிஞ்ச, வீட்டுக்குள்ளிருக்கும் பகுதியிலிருந்தும் இணைப்புக் குழாயிலிருந்தும் வாயு முழுவதும் வெளிப்பெட்டிக்கு வந்து சேரும். அழுத்தமானி பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, யந்திரத்தை நிறுத்தி, திருகுமுனைகளைக் கழற்றி மூடியிட்டால், வாயு பத்திரமாகப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். கம்ப்ரஸர் இறந்துபோயிருந்தால் இந்த உபாயம் பலிக்காது. தனியாக ஒரு மீட்பு யந்திரத்தைக் கொண்டுவந்து, வாயுவை உருளையில் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். இரண்டு வழிகளுக்கும் நேரமும் பயிற்சியும் வேண்டும். வெட்டுக்கத்திரியால் செம்புக் குழாயை ஒரே நறுக்காக நறுக்குவதற்கோ இரண்டு விநாடி போதும். ஒரு சீற்றம் கேட்கும், அவ்வளவுதான்.

அந்தச் சீற்றத்தின் கணக்கைப் பார்ப்போம். பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் வாங்கிய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-22 என்னும் வாயு. ஓசோன் படலத்தை அரிக்கும் குணம் அதற்கு உண்டு. அதனால்தான் மொன்றியல் உடன்படிக்கையின்படி உலகமெங்கும் படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. அதன் ஒரு கிலோ, பூமியைச் சூடேற்றும் திறனில் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு பெட்டியில் 0.7 கிலோ இருந்ததாகக் கொண்டால், அந்த ஒரு நறுக்கில் வெளியேறுவது ஏறத்தாழ 1,270 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பானது. அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை என்றாலும், சூடேற்றுவதில் ஆர்-22ஐயும் மிஞ்சியது. வாயுவைக் காற்றில் விடக்கூடாது என்றும், பயிற்சிச் சான்று பெற்றவரே அதைக் கையாள வேண்டும் என்றும் மலேசியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. குளிரூட்டும் வாயு நிர்வாகத்துக்கென்றே 2020இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் மாடிப்படியில் வெட்டுக்கத்திரியோடு நிற்கிறவருக்கு அந்த வாயுவைக் காப்பாற்றியதற்காக ஒரு சென் கொடுப்பார் யாருமில்லை. செம்புக்கு மட்டுமே அவருக்குப் பணம் வருகிறது.

இரண்டு சட்டங்களுக்கு நடுவில்

தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை மலேசியாவின் ஏற்பாடு பலரும் நினைப்பதைவிடச் சீரானது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் மின்னணுக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110 என்ற தனி எண் உண்டு. ஷா ஆலமிலோ சுங்கை பூலோவிலோ உள்ள ஓர் ஆலையில் பழுதான சுற்றுப்பலகைகள் சேர்ந்தால், அவற்றை 180 நாளுக்குமேல் வைத்திருக்கக்கூடாது. 20 டன்னுக்குமேல் குவிக்கவும் கூடாது. உரிமம் பெற்ற வண்டியில் ஏற்றி, உரிமம் பெற்ற மீட்பு நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். அனுப்பியவர், சுமந்தவர், பெற்றவர் ஆகிய மூவரின் ஒப்புதலும் சுற்றுச்சூழல் துறையின் மின்பதிவில் ஏறினால்தான் அந்தச் சரக்கின் கதை முடிந்ததாகும். இடையில் எடை குறைந்தால் எங்கே குறைந்தது என்று கேட்க வழியிருக்கிறது.

வீட்டிலிருந்து புறப்படும் பழைய சாமானுக்கு இந்தப் பாதை கிடையாது. ஒரு தொழிற்சாலை தன் ஒரே வாசலில் செய்வதைப் பல லட்சம் வீட்டு வாசல்களில் செய்யச் சொல்ல முடியாது. ஆகவே, தொலைக்காட்சி, ஏர்கோன், குளிர்பதனப் பெட்டி, சலவை யந்திரம், கணினி, கைத்தொலைபேசி ஆகிய ஆறையும் முதலில் எடுத்துக்கொண்டு, உற்பத்தியாளர் பொறுப்பை வரையறுக்கும் தனி விதிகளைக் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை, ஜப்பானிய ஒத்துழைப்பு நிறுவனமான ஜைக்காவின் துணையுடன் பல வருஷங்களாக ஆராயப்பட்டு வந்திருக்கிறது.

இடைவெளியின் வேர் சட்டத்தின் ஒரு சிறு பிரிவில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு மற்றும் பொதுத் தூய்மை நிர்வாகச் சட்டம், அதாவது 672ஆம் சட்டம், உற்பத்தியாளர்களைத் தம் பொருள்களைத் திரும்பப் பெறச் செய்யவும், முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறையை ஏற்படுத்தவும் அமைச்சருக்கு அதிகாரம் கொடுக்கிறது. கேட்டவுடன் விஷயம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் அதே சட்டம் திடக்கழிவு என்பதற்கு இலக்கணம் சொல்லும்போது, அட்டவணைக் கழிவை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. மின்னணுக் கழிவோ அட்டவணையில் இருக்கிறது. திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் ஒரு சட்டத்திலும், திரும்பப் பெறவேண்டிய பொருள் வேறொரு சட்டத்திலும் தங்கிவிட்டன. போதாக்குறைக்கு, 672ஆம் சட்டத்தைக் கோலாலம்பூர் உள்ளிட்ட சில பிரதேசங்கள் 2011 முதல் நடைமுறைப்படுத்தியபோது சிலாங்கூர் அதில் சேரவில்லை. ஒரே பெட்டி பிரிக்பீல்ட்ஸில் லோரி ஏறும்போது ஒரு நிர்வாகத்தின் எல்லையிலும், கிள்ளானில் இறங்கும்போது மற்றொரு நிர்வாகத்தின் எல்லையிலும் இருக்கிறது.

இந்த இடைவெளியில் சில நல்ல முயற்சிகள் நடக்காமல் இல்லை. தொடர்பு, பல்லூடக ஆணையம் 2015இல் கைத்தொலைபேசி நிறுவனங்களையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு, பழைய தொலைபேசிகளுக்கான சேகரிப்புப் பெட்டிகளைக் கடைகளில் வைத்தது. இப்படிப்பட்ட பெட்டிகள் சிறிய சாதனங்களுக்குப் பொருத்தமானவை. இருபத்தைந்து கிலோ சுமையை எவரும் பெட்டியில் போட முடியாது.

பணம் எப்போது, யாரிடமிருந்து?

பொருளைச் செய்தவரே அதன் இறுதிக் காலத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்துக்கு 1990இல் வடிவம் கொடுத்தவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் தோமஸ் லிண்ட்குவிஸ்ட். அந்தக் கருத்தைச் செயலாக்கிய நாடுகளில் இரண்டை மட்டும் ஒப்பிட்டாலே நமக்கு வேண்டிய பாடம் கிடைத்துவிடும்.

ஜப்பானில் 2001 முதல் அமுலில் இருக்கும் வீட்டுச் சாதன மறுசுழற்சிச் சட்டப்படி, ஏர்கோன், தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை யந்திரம் ஆகியவற்றை அப்புறப்படுத்துகிற வீட்டுக்காரர் அப்போதே ஒரு கட்டணம் செலுத்துகிறார். கட்டணத்துக்கு அத்தாட்சியாகத் தனி எண்ணுள்ள சீட்டு பொருளின்மேல் ஒட்டப்படுகிறது. புதியது விற்ற கடைக்காரர் பழையதை எடுத்துச் செல்லக் கடமைப்பட்டவர். அவர் அதை உற்பத்தியாளர்கள் நியமித்த கிடங்கில் சேர்ப்பார்; அங்கிருந்து உற்பத்தியாளர்களின் ஆலைக்குப் போகும். சீட்டு எண்ணை வைத்துத் தம் பெட்டி எங்கே சேர்ந்தது என்று வீட்டுக்காரரே விசாரித்தறியலாம். எடையில் இத்தனை பங்கு மறுபடியும் பொருளாக வேண்டும் என்ற அளவும் சாதனத்துக்குச் சாதனம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. ஏர்கோனுக்கு அது 80 சதவீதம்.

இவ்வளவு நேர்த்தியான முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. அந்த நான்கு சாதனங்களில் முறையான வழியில் குறைவாகத் திரும்புவது ஏர்கோன்தான். காரணம் ஊகிக்கக்கூடியதே. சட்டப்படி கொடுத்தால் வீட்டுக்காரர் கையிலிருந்து பணம் போகிறது. பழைய உலோக வியாபாரியிடம் கொடுத்தால் பணம் வருகிறது. ஒழுக்கத்துக்குப் பேர்போன சமூகத்திலேயே செம்பின் விலை சட்டத்தை வெல்கிறதென்றால், கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்புறப்படுத்தும்போது கட்டணம் கேட்கும் முறை எப்படி எடுபடும்?

சிங்கப்பூர் வேறு வழியைத் தேர்ந்தது. 2019ஆம் ஆண்டின் வள நிலைத்தன்மைச் சட்டத்தின்கீழ் 2021 ஜூலை முதல், சந்தைக்குள் சாதனங்களைக் கொண்டுவரும் உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் பொதுவான நடத்துநர் ஒருவருக்குப் பணம் செலுத்துகிறார்கள். அந்த நடத்துநரே பெட்டிகளை வைத்து, வண்டிகளை அனுப்பி, உரிமம் பெற்ற ஆலைகளில் சேர்க்கிறார். புதிய சாதனத்தை வீட்டில் இறக்குகிற கடைக்காரர், வீட்டுக்காரர் கேட்டால் அதே வகைப் பழையதைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும். 300 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கடைகள் தம் கடைக்குள்ளேயே சேகரிப்பிடம் வைக்க வேண்டும். வீட்டுக்காரர் அப்புறப்படுத்தும் நேரத்தில் எதுவும் கொடுப்பதில்லை. செலவு முன்பே, விற்பனையின்போதே, உற்பத்தியாளர் கணக்கில் ஏறிவிடுகிறது.

நமக்கு ஏற்றது இரண்டாவது வழி. ஆனால் அதுவும் நமக்குப் பாதி வழிதான். இலவசமாக எடுத்துச் செல்கிறேன் என்று சொல்லும் உற்பத்தியாளர், காசு கொடுத்து எடுத்துச் செல்லும் லோரிக்காரரோடு எப்படிப் போட்டியிடுவார்? இந்தக் கேள்விக்கு விடையளிக்காத எந்தத் திட்டமும் இங்கே காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

வாசலில் நிற்கும் தராசு

விடையைத் தேட, பெட்டி சரியான ஆலைக்கு வந்து சேர்ந்தால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற மீட்பு நிலையங்கள் மலேசியாவில் இரு வகை. பிரித்து, தரம் பார்த்து, நொறுக்கி, பாகம் பாகமாக அனுப்புகிற பகுதி மீட்பு நிலையங்கள் ஒரு வகை. உலோகத்தை உருக்கியோ அமிலத்தில் கரைத்தோ பிரித்தெடுக்கும் முழு மீட்பு நிலையங்கள் மற்றொரு வகை. ஏர்கோன் பெட்டிக்கு முதல் வகையே போதும். தராசில் ஏற்றியபின் முதலில் வாயுவை மீட்பு யந்திரத்தால் உருளைக்கு உறிஞ்சுவார்கள். வெப்பத்தில் விரிந்து வெடிக்காதிருக்க, உருளையை ஐந்தில் நான்கு பங்குக்குமேல் நிரப்புவதில்லை. ஆர்-22ஐயும் ஆர்-410ஏயையும் ஒரே உருளையில் கலந்துவிட்டால் இரண்டும் மறுபயனுக்கு உதவாமல் போய்விடும். ஆகவே பெட்டியின் பெயர்ப்பலகையைப் படித்து வாயுவின் பெயரறிந்தே குழாயைப் பொருத்த வேண்டும். இப்போது பரவலாகிவரும் ஆர்-32 சிறிதளவு தீப்பற்றும் குணமுள்ளது. அதற்குத் தனி யந்திரமும் காற்றோட்டமும் வேண்டும். வாயு போனபின் கம்ப்ரஸரில் துளையிட்டு எண்ணெயை வடிப்பார்கள். அதன்பின் செம்பும் அலுமினியமும் பின்னிய பகுதி ஒரு பக்கமும், இரும்புத் தகடு ஒரு பக்கமும், சுற்றுப்பலகை ஒரு பக்கமுமாகப் பிரியும்.

இவற்றில் செம்பு, அலுமினியம், இரும்பு, பலகை எல்லாம் வருமானம். வாயுவும் எண்ணெயும் செலவு. ஒரு சாதனத்தில் வருமானப் பகுதி எப்போதும் தானே நடந்து சந்தைக்குப் போய்விடும். அதற்கு உற்பத்தியாளரின் உதவி தேவையில்லை. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் ஈயம் கலந்த கண்ணாடி, மெல்லிய தொலைக்காட்சியின் பாதரச விளக்கு, வீங்கிப்போன லித்தியம் பேட்டரி, ஏர்கோனின் வாயு இவைதாம் யாரும் விரும்பாமல் பின்தங்குகிறவை. உற்பத்தியாளர் பொறுப்பு என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் திட்டவட்டமான பொருள் ஒன்று இருக்குமானால், அது இந்தப் பின்தங்கும் பாகங்களின் செலவை ஏற்பதுதான்.

கொடுத்த பணம் உண்மையாகவே அதற்குச் செலவாகிறதா என்று கண்டுபிடிப்பது கடினமன்று. நூறு வெளிப்பெட்டிகள் ஆலைக்கு வந்தன என்று வைத்துக்கொள்வோம். நூறு கம்ப்ரஸர்கள் இருக்க வேண்டும். பெட்டிக்கு 0.7 கிலோ வீதம் அந்தப் பெட்டிகள் 70 கிலோ வாயு கொண்டவை. பழைய யந்திரங்களில் கசிவு சகஜமாதலால் உருளையில் 50 கிலோ சேர்ந்தால் நம்பலாம். ஐந்து கிலோதான் சேர்ந்ததென்றால், ஆலைக்கு வருமுன்பே குழாய்கள் வெட்டப்பட்டன என்பது நிச்சயம். குழாய் முனையைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். திருகு கழன்று மூடியிட்ட முனை ஒழுங்காகக் கழற்றப்பட்டது. நசுங்கிப் பிளந்த முனை கத்திரியால் அறுபட்டது. எண்ணெய்க்கும் செம்புக்கும் இப்படியே கணக்குப் பார்க்கலாம். உள்ளே வந்த எடையும் வெளியே போன எடைகளின் கூட்டுத்தொகையும் பொருந்தாத ஆலையில், காகிதம் எத்தனை அழகாக இருந்தாலும் நம்பிக்கைக்கு இடமில்லை.

அந்தக் காகிதத்துக்கு என்ன விலை என்பதே எப்படி வழக்காகும் என்பதற்கு இந்தியா அண்மை உதாரணம். 2023 ஏப்ரலில் அமுலுக்கு வந்த விதிகளின்படி, அங்கே மறுசுழற்சி ஆலைகள் தாம் மீட்ட எடைக்குச் சான்றிதழ் பெற்று உற்பத்தியாளர்களுக்கு விற்கின்றன. சான்றிதழ் மிக மலிவாக விற்றால் ஆலை பாதுகாப்பாக வேலை செய்ய வழியில்லை என்பதால், வீட்டுச் சாதனங்களுக்கு கிலோவுக்கு 22 ரூபாய் என்ற குறைந்தபட்ச விலையை அரசு நிர்ணயித்தது. டைக்கின், சாம்சங், எல்ஜி போன்ற பெரிய உற்பத்தியாளர்கள் 2025இல் அதை எதிர்த்து டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாதுகாப்பான மறுசுழற்சிக்கு என்ன கிரயம், அதை யார் கொடுப்பது என்ற கேள்வியே எல்லாத் தேசங்களிலும் கடைசியில் எஞ்சி நிற்கிறது.

துறைமுகத்தின் நிழல்

கிள்ளானில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிள்ளான் துறைமுகம் இந்தப் பிராந்தியத்தின் பெரிய சரக்குவாசல். பிற நாடுகளின் மின்னணுக் கழிவு, பழைய உலோகம் என்றோ மீண்டும் பயன்படும் சாதனம் என்றோ பெயர் சூட்டப்பட்டு இங்கே வந்திறங்குவதும், சுற்றுச்சூழல் துறை கொள்கலன்களைத் தடுத்து வைத்து ஏற்றியவர்களுக்கே திருப்பி அனுப்புவதும் பலமுறை நடந்திருக்கின்றன. 2025 ஜனவரி முதல் பாசல் உடன்படிக்கையின் திருத்தப்படி, அபாயமுள்ளதாயினும் அல்லாததாயினும் எல்லா மின்னணுக் கழிவும் பெறும் நாட்டின் முன்சம்மதமின்றி எல்லை தாண்டக்கூடாது. ஆனால் உரிமமில்லாத கூடங்கள் இருக்கும்வரை அவற்றுக்குச் சரக்கு வேண்டியிருக்கிறது. உள்ளூர்ச் செம்பும் அங்கேதான் போகிறது, வெளியூர்ப் பலகையும் அங்கேதான் வருகிறது. அமிலத்தைக் கழிவாய்க்காலில் ஊற்றி, வயரைத் திறந்த வெளியில் எரித்து வேலை செய்கிற கூடம், உரிமம் பெற்ற ஆலையைவிட அதிக விலை கொடுத்துச் சரக்கு வாங்க முடியும். ஏனெனில் அது பின்தங்கும் பாகங்களுக்குச் செலவே செய்வதில்லை. வீட்டுச் சேகரிப்பில் உற்பத்தியாளர் பணம் நுழையாதவரை, நேர்மையான ஆலை ஏலத்தில் எப்போதும் தோற்றுக்கொண்டேயிருக்கும்.

முழுமைக்கு விலை

ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்குக்கு ஏற்ற ஏற்பாடு, லோரிக்காரரை விலக்கி வைப்பதாக இருக்க முடியாது. அவருக்கு வேறொரு காரணத்துக்காகப் பணம் கொடுப்பதாகத்தான் இருக்க முடியும். குழாய் அறுபடாமல், கம்ப்ரஸரோடும் வாயுவோடும் முழுமையாக வந்து சேரும் ஒவ்வொரு பெட்டிக்கும், செம்பின் விலைக்கு மேலாக ஒரு தொகை. அந்தத் தொகை உற்பத்தியாளர்களின் பொது நிதியிலிருந்து வர வேண்டும். அந்த நிதியில் ஒவ்வொருவரும் தாம் சந்தையில் இறக்கிய எடைக்கேற்பப் பங்கு கொடுக்க வேண்டும். இணையத்தில் மட்டும் விற்று மறையும் இறக்குமதியாளரும் அதில் அடங்க வேண்டும். லோரிக்காரருக்குப் பதிவும், வால்வை மூடும் பயிற்சியும், கிள்ளானிலோ சுபாங்கிலோ பெட்டியை இறக்க ஒரு கிடங்கும் இருந்தால், இன்று இரண்டு விநாடியில் அறுபடும் குழாய் நாளை அறுபடாது. அறுத்தால் அவருக்கே நஷ்டம். ஜப்பானுக்கு ஒரு முறையும் சிங்கப்பூருக்கு ஒரு முறையும் கணக்கு வைக்கத் தெரிந்த உற்பத்தியாளர்கள் பலர், 1970களிலிருந்தே ஷா ஆலம் பக்கத்தில் ஏர்கோன் செய்கிறவர்களை உள்ளிட்டு, இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆலை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத வித்தை எதுவும் இதில் இல்லை. அவர்களை அழைக்கும் சட்டம்தான் வரவேண்டும்.

அதுவரை, தீபாவளிக்கு முன் புதிய ஏர்கோன் வாங்குகிறவர்கள் கடையில் விலையைப் பேசும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடலாம். பழையதைக் கழற்றுகிறவர் வாயுவை உள்ளிழுத்து வால்வை மூடித்தான் கழற்றுவாரா? கழற்றிய பெட்டி எந்த உரிமம் பெற்ற நிலையத்துக்குப் போகிறது? முதல் கேள்விக்கு விடையை வீட்டிலேயே கண்ணால் காணலாம்: அழுத்தமானியைப் பொருத்தி, யந்திரத்தைச் சில நிமிஷம் ஓடவிட்டு, வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடுகிறவர் ஒழுங்கான தொழிலாளி. அந்தச் சில நிமிஷ வேலைக்கு அவர் தனியாகக் கூலி கேட்டால் கொடுப்பது நியாயம். உற்பத்தியாளர் கொடுக்க வேண்டிய பணத்தை அவருக்குப் பதிலாக நாம் இப்போதைக்குக் கொடுக்கிறோம்.